வாட்ஸ்அப் கோபத்தை ரத்து நோட்டீஸாக மாற்றுவது எப்படி: லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சென்னை அபார்ட்மெண்ட் சங்கங்களில் ஒப்பந்தக்காரரை மாற்ற வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பிறக்கிறது. லிஃப்ட் நின்றுபோகும், ஆள் வர மாட்டார், இரவு பத்து மணிக்கு யாராவது ஒருவர் "கான்ட்ராக்ட் கட்" என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியே சங்கத்தைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பது மூன்று மாதம் கழித்து, முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போதுதான் தெரியும்.

இங்கே ஒரு கற்பனை உதாரணத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கலாம். மேடவாக்கத்தில் இரண்டு லிஃப்ட் உள்ள ஐந்து மாடிக் குடியிருப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஆண்டுக்கு 96,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,13,280. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,320 ரூபாய் முன்பணம். ஒப்பந்தத்தில் நமக்கு வேண்டிய பிரிவுகள் ஐந்து:

பிரிவு 4: ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் இரண்டு லிஃப்ட்டுக்கும் சர்வீஸ் செய்து, லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
பிரிவு 5: பழுது என்று சொன்னால் 4 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். உள்ளே ஆள் மாட்டியிருந்தால் 1 மணி நேரத்துக்குள்.
பிரிவு 12(அ): காரணம் சொல்லாமல் விலக 60 நாள் நோட்டீஸ்.
பிரிவு 12(ஆ): மீறல் இருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்டி, கடிதம் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். சரிசெய்யாவிட்டால் 7 நாள் நோட்டீஸில் ரத்து செய்யலாம். மீதமுள்ள நாட்களுக்கான பணம் 30 நாளில் திரும்ப வேண்டும்.
பிரிவு 15: நோட்டீஸ் என்றால் ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குத் தபாலும், குறிப்பிட்ட மின்னஞ்சலும்தான்.

முதல் வேலை: சாட்டைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு நிறுத்துங்கள்

குரூப்பில் தானாக அழியும் செய்தி வசதி போட்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் சாட்டுக்குள் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, `More`, `Export chat` என்று போனால் உரையாடல் ஒரு கோப்பாகக் கிடைக்கும். அதைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மேலே கீழே என்ன இருந்தது என்ற கேள்வி வரும். அந்தச் செய்திகள் வந்த போனையும் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. விவகாரம் நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்பதும் வரும்.

எடுத்தபின் குரூப்பில் ஒப்பந்தம் பற்றி யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லிஃப்ட் நின்றால் "இன்ன லிஃப்ட், இன்ன நேரம், நின்றுவிட்டது" என்பதோடு சரி. சங்கத்தில் இதைச் சொல்வதுதான் கடினமான வேலை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாட்டை இரண்டு முறை படியுங்கள்

உதாரணக் குரூப்பில் இருப்பது இது:

ஆகஸ்ட் 19, காலை 8.25: சார் ரெண்டாவது லிஃப்ட் நின்னுபோச்சு. ஆள் அனுப்புங்க.
8.31, சூப்பர்வைசர்: ஓகே சார், பையன் வர்றான்.
மதியம் 2.10: இன்னும் வரல. அஞ்சாவது மாடியில வயசானவங்க இருக்காங்க, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?
இரவு 9.40: காசு வாங்குறப்ப மட்டும் ஒண்ணாம் தேதியே பில் வருது. திருட்டுக் கும்பல்.
ஆகஸ்ட் 20, காலை 11.40: ஆள் வந்துட்டாரு. பரவால்ல சார், இனிமே லேட் பண்ணாதீங்க.
செப்டம்பர் 6, இரவு 7.05: ரெண்டாவது லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்க. உடனே வாங்க.
இரவு 9.20, சூப்பர்வைசர்: ரீச் ஆயிட்டோம்.
இரவு 10.15: போதும்ப்பா. நாளையிலேர்ந்து உங்க ஆளு கேட்டுக்குள்ள வரக்கூடாது. கான்ட்ராக்ட் கட். கோர்ட்ல பாத்துக்கலாம்.

முதல் முறை படிக்கும்போது தேதி, நேரம், யார் சொன்னது என்பதை மட்டும் எடுங்கள். மனசாட்சி, திருட்டுக் கும்பல் எல்லாம் விழுந்துவிடும். மிஞ்சுவது இரண்டு நிகழ்வுகள். ஆகஸ்ட் 19 காலை 8.25க்குச் சொல்லி மறுநாள் 11.40க்கு வந்தது: 27 மணி 15 நிமிடம், பிரிவு 5 சொல்வது 4 மணி. செப்டம்பர் 6 இரவு 7.05க்குச் சொல்லி 9.20க்கு வந்தது: 2 மணி 15 நிமிடம், பிரிவு சொல்வது 1 மணி. இதில் சூப்பர்வைசரின் "ஓகே சார்" தங்கம் மாதிரி. தகவல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது முறை, எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பது போல உங்கள் பக்கத்து வரிகளைப் படியுங்கள். பெரும்பாலான சங்கங்கள் இதைச் செய்வதில்லை. "பரவால்ல சார்" என்பது ஆகஸ்ட் தாமதத்தை நீங்கள் மன்னித்துவிட்டதாகக் காட்டப் பயன்படும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 63ஆம் பிரிவு, ஒரு கடமையை நிறைவேற்றாமல் விட அனுமதிக்கவும் அதற்கான காலத்தை நீட்டிக்கவும் மறுதரப்புக்கு உரிமை தருகிறது. நீட்டித்தது நீங்கள்தான் என்பார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை செப்டம்பர் 6 இரவு 10.15. அந்த வரி ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. பிரிவு 15 சொல்லும் வழியில் போகவில்லை, பிரிவு 12(ஆ) கேட்கும் 15 நாள் அவகாசமும் அதில் இல்லை. ஆனால் "உங்க ஆளு வரக்கூடாது" என்பது வேலை செய்யும், அதுவும் உங்களுக்கு எதிராக. செப்டம்பர் 10க்குள் நடக்க வேண்டிய சர்வீஸ் நடக்காததற்கு "நீங்கதானே வரவேண்டாம்னு சொன்னீங்க" என்ற பதில் தயார். ஒப்பந்தத்தை முதலில் மீறியது சங்கம்தான் என்றுகூட வாதிட இடம் இருக்கிறது. ஆகவே செப்டம்பர் சர்வீஸைக் குற்றச்சாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் எடுங்கள். பலவீனமான ஒரு குற்றச்சாட்டு பலமான மூன்றையும் கீழே இழுத்துவிடும்.

லாக் புக் சொல்வது

சாட்டில் இல்லாத விஷயம் லாக் புக்கில் இருக்கும். உதாரணத்தில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் 10ஆம் தேதிக்குள் சர்வீஸ் பதிவு எதுவும் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று வந்தவர் எழுதியது "டோர் ஸ்விட்ச் மாற்றப்பட்டது" என்ற ஒரு வரி. நிறுவனம் அதையே ஆகஸ்ட் சர்வீஸ் என்று சொல்லப் பார்க்கும். இரண்டு காரணத்தால் அது நிற்காது: தேதி 10ஐத் தாண்டிவிட்டது, எழுதியிருப்பது ஒரு லிஃப்ட்டின் பழுதைப் பற்றி மட்டும். அந்தப் பக்கங்களை, முன்னும் பின்னும் ஒவ்வொரு பக்கத்தோடு சேர்த்து, படம் எடுத்து வையுங்கள். பிறகு லாக் புக்கைச் சங்க அறையில் பூட்டி வைத்து, மெக்கானிக் வரும்போது மட்டும் கொடுங்கள். மெஷின் ரூமிலேயே விட்டால் விட்டுப்போன பதிவுகள் ஒரே பேனாவில் ஒரே நாளில் முளைத்துவிடும்.

எந்தப் பிரிவின் வழியே வெளியேறுவது

12(அ) எளிது. காரணம் வேண்டாம், சண்டை வேண்டாம், 60 நாள் நோட்டீஸ் போதும். ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதமே இருந்தால் அதையே எடுங்கள், கோபத்துக்கு அது தீனி போடாது என்றாலும். 12(ஆ) வழியில் முன்பணம் சீக்கிரம் திரும்பும், மீறல் என்பது எழுத்தில் பதியும். ஆனால் இரண்டு கடிதம் வேண்டும், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் இன்னும் ஆறு மாதம் பாக்கி, அக்டோபர் முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஆகவே 12(ஆ).

எழுதுவதற்கு முன் நிர்வாகக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கையெழுத்திடும் அதிகாரம் செயலாளருக்கா தலைவருக்கா என்பதைத் துணைவிதியில் பாருங்கள். தீர்மானத்தின் தேதி நோட்டீஸ் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

முதல் கடிதம்: அவகாச நோட்டீஸ்

இதில் ரத்து என்ற சொல்லே முதன்மை இல்லை. மீறல் எது, எந்தப் பிரிவு, எப்போதுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கடிதம். உதாரணக் கடிதத்தின் முக்கியப் பகுதி:

பொருள்: 2025 ஏப்ரல் 1 தேதியிட்ட லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பிரிவு 12(ஆ)இன் கீழ் அறிவிப்பு.

1. தாங்கள் 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரிவு 4இன்படி செய்ய வேண்டிய சர்வீஸை இரண்டு லிஃப்ட்டுகளுக்கும் செய்யவில்லை. லாக் புக் நகல் இணைப்பு 1.
2. 19.08.2025 காலை 8.25க்குத் தெரிவித்த பழுதுக்குத் தங்கள் பணியாளர் 20.08.2025 காலை 11.40க்கு வந்தார். பிரிவு 5இன்படி 4 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். இணைப்பு 2.
3. 06.09.2025 இரவு 7.05க்கு, லிஃப்ட்டுக்குள் ஆள் சிக்கியிருப்பதாகத் தெரிவித்தும் இரவு 9.20க்கே வந்தார்கள். பிரிவு 5இன்படி 1 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். இணைப்பு 2.
4. அன்று இரவு 10.15க்கு வாட்ஸ்அப்பில் ஒரு குடியிருப்பாளர் எழுதியது சங்கத்தின் அறிவிப்பு அல்ல. ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. தங்கள் பணியாளர்கள் வளாகத்துக்குள் வரத் தடை இல்லை.
5. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இரண்டு லிஃப்ட்டுகளுக்கும் முழு சர்வீஸ் செய்து லாக் புக்கில் பதிய வேண்டும். 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய பொறுப்பாளரின் பெயரையும் எண்ணையும் எழுத்தில் தர வேண்டும்.
6. இடையில் தொகை செலுத்தியதோ, சேவையை ஏற்றதோ மேற்கண்ட மீறல்களை மன்னித்ததாகாது.

நான்காவது பத்தி முக்கியம். அந்த வரியை மறைத்துவிட்டு எழுதினால் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். நீங்களே எடுத்து, அதன் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். எழுதியவர் செயலாளராகவே இருந்தால் "குடியிருப்பாளர்" என்று போடாதீர்கள். "அச்செய்தி பிரிவு 15இன் கீழ் அறிவிப்பு அல்ல, அது திரும்பப் பெறப்படுகிறது" என்று எழுதுங்கள். ஐந்தாவதில் கேட்பது அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "சேவையை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால், மேம்படுத்திவிட்டோம் என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் பிரிவின் வாசகத்தை மட்டும் அதே மொழியில் எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். மொழிபெயர்த்தால் சண்டை மொழிபெயர்ப்பின் மேல் திரும்பிவிடும்.

அனுப்புவதும் நாள் எண்ணுவதும்

ஒப்பந்தம் "பதிவுத் தபால்" என்று சொன்னால் ஒரு சின்னச் சிக்கல்: அஞ்சல் துறை 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியைக் கேட்டு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் இடம் மாறியிருந்தாலும் ஒப்பந்தத்தில் உள்ள பழைய முகவரிக்கு ஒன்று, பில்லில் உள்ள புதிய முகவரிக்கு ஒன்று. அதே நாளில், பிரிவு 15 சொல்லும் மின்னஞ்சலுக்குக் கையெழுத்திட்ட பிரதி. வாட்ஸ்அப்பில் "நோட்டீஸ் அனுப்பியுள்ளோம்" என்று ஒரு வரி போடலாம், நோட்டீஸ் அதுவல்ல.

உதாரணத்தில் அக்டோபர் 6 திங்கட்கிழமை அனுப்பி, 8ஆம் தேதி புதன்கிழமை சேர்ந்ததாக வைப்போம். கிடைத்த நாளைச் சேர்க்காமல் எண்ணுங்கள். 9ஆம் தேதி முதல் நாள், 23ஆம் தேதி வியாழன் பதினைந்தாவது நாள். இடையில் 20ஆம் தேதி தீபாவளி. "லீவு சார்" என்று கேட்பார்கள். ஒப்பந்தம் வேலை நாள் என்று சொல்லாதவரை நாட்காட்டி நாள்தான், ஆனால் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. ஒரு நாள் முன்னால் ரத்து செய்வதில்தான் எல்லா நஷ்டமும். சென்று சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுங்கள்.

இந்தப் பதினைந்து நாளில் அவர்கள் அரைகுறையாகச் செய்வதுதான் வழக்கம். நம் உதாரணத்தில் 17ஆம் தேதி வந்து முதல் லிஃப்ட்டுக்கு மட்டும் சர்வீஸ் செய்துவிட்டுப் போனார்கள். எழுத்தில் பதில் இல்லை.

இரண்டாவது கடிதம்: ரத்து

இங்கே வினைச்சொல்லின் காலம்தான் எல்லாம். "ரத்து செய்ய நேரிடும்", "ரத்து செய்ய எண்ணியுள்ளோம்" என்று எழுதினால் எதுவும் ரத்தாகவில்லை. "ரத்து செய்கிறோம்" என்று நிகழ்காலத்தில் எழுதி, முடியும் தேதியையும் போட வேண்டும். 25ஆம் தேதி சனிக்கிழமை அனுப்பினால், சேர்வதற்கு நாலைந்து நாள், அதன்மேல் 7 நாள். நவம்பர் 10 என்று வைத்தால் இடறாது.

1. 06.10.2025 தேதியிட்ட எங்கள் அறிவிப்பு 08.10.2025 அன்று தங்களுக்குக் கிடைத்தது. 15 நாள் அவகாசம் 23.10.2025இல் முடிந்தது.
2. 17.10.2025 அன்று முதல் லிஃப்ட்டுக்கு மட்டும் சர்வீஸ் செய்யப்பட்டது. இரண்டாவது லிஃப்ட்டுக்குச் செய்யப்படவில்லை. பொறுப்பாளர் விவரம் தரப்படவில்லை. மீறல்கள் சரிசெய்யப்படவில்லை.
3. ஆகவே பிரிவு 12(ஆ)இன்படி இந்த ஒப்பந்தத்தை 10.11.2025 வேலை நேர முடிவோடு ரத்து செய்கிறோம். அதுவரை பிரிவு 5இன் கடமைகள் தொடரும்.
4. 11.11.2025 முதல் 31.12.2025 வரையிலான 51 நாட்களுக்கான முன்பணம் ரூ. 15,699ஐ 30 நாட்களுக்குள் திருப்பி, அதற்கான கிரெடிட் நோட் தர வேண்டும்.
5. 10.11.2025 பிற்பகல் 3 மணிக்கு மெஷின் ரூம், கண்ட்ரோலர் சாவிகள், வெளிக்கதவு திறக்கும் சாவி, சர்க்யூட் வரைபடம், கண்ட்ரோலர் பாஸ்வேர்டு ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும்.
6. சங்கத்தின் பிற உரிமைகள் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை.

தொகை எப்படி வந்தது என்பதைக் கடிதத்திலேயே காட்டுங்கள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், கட்டியது 28,320, அதில் 51 நாள் பங்கு 15,699. "ஐந்து லட்சம் நஷ்டஈடு" போன்ற வரிகளைச் சேர்க்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நஷ்டத்தை நிரூபித்தால்தான் கிடைக்கும். நிரூபிக்க முடியாத தொகை, கணக்கிட்ட தொகையின் மதிப்பையும் குறைக்கிறது. "கோர்ட்ல பாத்துக்கலாம்" என்பதும் வேண்டாம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். சில கண்ட்ரோலர்களில் அது இல்லாமல் புதிய நிறுவனம் அமைப்புகளைத் தொடவே முடியாது. அப்புறம் பழைய ஆளிடமே போய் நிற்க வேண்டும். பட்டியலைக் கையோடு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்குங்கள்.

கடிதம் போன பிறகு

அன்றே போன் வரும். "சார், எம்.டி. நேர்ல பேசச் சொன்னாரு, ஒரு சான்ஸ் குடுங்க." கனிவாகப் பேசுங்கள், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்று மாலையே மின்னஞ்சலில் ஒரு வரி: "இன்று தொலைபேசியில் பேசினோம். 25.10.2025 கடிதத்தில் மாற்றம் இல்லை." அந்த வரி இல்லாவிட்டால், வாய்மொழியாக நீட்டித்தார்கள் என்று பிறகு ஒரு கதை வரும்.

நவம்பர் 10க்கு முன் மெக்கானிக் வந்து இரண்டாவது லிஃப்ட்டுக்கு சர்வீஸ் செய்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். பாதுகாப்பு விஷயம் அது. லாக் புக்கில் அவர் கையெழுத்துக்குக் கீழே "25.10.2025 ரத்து அறிவிப்புக்குப் பாதகமின்றி" என்று எழுதி நீங்களும் கையெழுத்திடுங்கள்.

வரப்போகும் தேதி போட்ட காசோலை கொடுத்திருந்தால் அவசரப்பட்டு வங்கியில் நிறுத்திவிடாதீர்கள். பணம் செலுத்துவதை நிறுத்தினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்குக்கு இடம் உண்டு. ரத்துக் கடிதத்திலேயே காசோலை எண்களைக் குறிப்பிட்டு, வங்கியில் போடக்கூடாது, திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். திரும்ப வராவிட்டால், வங்கியில் நிறுத்துவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.